பெரியப்பாவின் தங்கா: கல் நிறமா, அக்ரிலிக்கா? சுற்றியிருக்கும் பட்டு என்ன சொல்கிறது?

குடந்தை மணி | 2024 ஜூன் 2, இரவு 9.40

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா ராணுவத்தில் லே பக்கம் இருந்தவர். 1971-இல் ஊருக்கு வந்தபோது ஒரு திபெத்தியத் தங்கா கொண்டுவந்தார். துணியில் வரைந்த பச்சைத் தாரா, பௌத்தப் பெண் தெய்வம். படம் மட்டும் 61 செ.மீ. உயரம், 43 செ.மீ. அகலம். சுற்றிலும் நீல ஜரிகைப் பட்டு, மேலே பட்டையான குச்சி, கீழே உருட்டுக் கட்டை. "இருநூறு வருஷப் பழசு" என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம்.

போன வாரம் பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வந்து பார்த்தார். வானத்தை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "அக்ரிலிக் காப்பி சார், நாலாயிரம் தரேன்" என்றார். பெரியம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. அவர் சொன்னது சரியா? வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

லென்ஸ் துரை | ஜூன் 2, இரவு 10.15

சுலபம். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தில் தேயுங்கள். கல் நிறம் என்றால் வச்சிரப் பசையில் குழைத்திருப்பார்கள், பஞ்சில் ஒட்டும். அக்ரிலிக் என்றால் ஒட்டாது. ஐந்து நிமிட வேலை.

வடிவு | ஜூன் 3, காலை 7.05

எங்கள் வீட்டிலும் தஞ்சாவூர் படம் ஒன்று இருக்கிறது. நவநீத கிருஷ்ணர். கல் எல்லாம் உதிர்கிறது. அதுவும் பழசா என்று எப்படிப் பார்ப்பது? கல் நிறம் என்றால் அந்தக் கல்லா?

லென்ஸ் துரை | ஜூன் 3, காலை 7.30

அக்கா, அது பலகையில் பதிக்கிற கல். இது கல்லையே அரைத்து நிறமாக்குவது. வேற டிபார்ட்மெண்ட்.

குடந்தை மணி | ஜூன் 3, மாலை 6.20

செய்துவிட்டேன். வானத்தில் தேய்த்தேன், பஞ்சு வெள்ளையாகவே வந்தது. மனசு உடைந்தது. சரி, இன்னொரு இடம் பார்ப்போம் என்று தாராவின் கையிலிருக்கும் தாமரையில் வைத்தேன். பஞ்சு ரோஜா நிறமாகிவிட்டது. இதழில் இப்போது அரை மிளகு அளவுக்கு ஒரு வெளிறல். பெரியம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஒரே படத்தில் ஓரிடம் கரைகிறது, ஓரிடம் கரையவில்லை. இதற்கு என்ன அர்த்தம்?

பட்டறை மீனா | ஜூன் 3, இரவு 8.50

முதல் அர்த்தம், இனிமேல் தண்ணீரோடு அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். பதினெட்டு வருடமாகப் படங்களைப் பழுதுபார்க்கிறேன். நானே அந்தச் சோதனையைச் செய்ய நான்கு தடவை யோசிப்பேன். துரை, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சொன்னது பாதிதான் சரி. அக்ரிலிக் தண்ணீரில் கரையாது என்பது உண்மை. ஆனால் கரைந்தால் கல் நிறம் என்று ஆகாது. இன்று காட்மாண்டுவில் விற்கிற தங்காக்களில் நிறைய போஸ்டர் கலரில் போட்டவை. அவையும் பஞ்சில் அழகாக ஒட்டும். உங்கள் பஞ்சில் வந்த ரோஜா நிறம் பெரும்பாலும் கல்லே கிடையாது. இதழுக்குச் சாயை கொடுக்க அரக்குச் சாயத்தை நீர்த்துப் பூசுவது அவர்கள் வழக்கம்.

இன்னொன்று. இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. கல் நிறமா என்பது ஒன்று, பழசா என்பது வேறு. போன மாதம் வரைந்த தங்காவிலும் அசல் கல் நிறம் இருக்கலாம். தரம்சாலாவிலும் நேபாளத்திலும் இன்றும் கல் அரைத்து வரைகிறவர்கள் இருக்கிறார்கள். தலைகீழாக, 19-ஆம் நூற்றாண்டுத் தங்காவில் ஐரோப்பாவில் செய்த செயற்கை நீலமும் பச்சையும் வரும். வியாபாரிகள் அப்போதே லாசாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கைபேசியில் மாட்டுகிற குட்டி நுண்ணோக்கி 60 மடங்கு காட்டுவது முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கி, படத்தைத் தொடாமல் வானத்தையும் புல்மேட்டையும் படம் எடுத்துப் போடுங்கள்.

பௌத்தா ரவி | ஜூன் 4, காலை 11.10

ஆறு வருடம் காட்மாண்டுவில் ஹோட்டல் வேலை பார்த்தேன், பௌத்தநாத் ஸ்தூபி பக்கம். கடையில் கேட்டால் எல்லாமே "ஸ்டோன் கலர்"தான். ஒரே ஓவியர் மூன்று விலையில் மூன்று விதமாகப் போட்டுக் கொடுப்பார். பழசாக்குகிற வித்தையும் பக்கத்துச் சந்திலேயே. தேயிலைத் தண்ணீர் தெளிப்பார்கள், சாம்பிராணிப் புகையில் காட்டுவார்கள், சுருட்டிச் சுருட்டி விரிசல் விடுவார்கள். நான் கூட ஒன்று வாங்கி ஏமாந்து, அதை மச்சானுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டேன். அவர் இன்றுவரை பெருமையாகக் காட்டுகிறார்.

குடந்தை மணி | ஜூன் 9, பிற்பகல் 3.00

நுண்ணோக்கி வந்தது. வானம்: ஒரே சீரான நீலத் தோல் மாதிரி இருக்கிறது. தூரிகை இழுத்த வரப்புகள் தெரிகின்றன. ஊசி முனையால் குத்தியது போல அங்கங்கே குழிகள். மினுங்குகிறது. புல்மேடு: இது வேறு உலகம். பச்சை மணல் கொட்டியது மாதிரி, ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, சில மணிகள் கண்ணாடிச் சில்லு போல மின்னுகின்றன. தாராவின் உடம்புப் பச்சை இன்னும் மெல்லிய தூள், ஆனால் அதுவும் தோல் இல்லை, தூள்தான்.

பட்டறை மீனா | ஜூன் 9, மாலை 5.45

வானம் அக்ரிலிக். அந்தக் குழிகள் காய்ந்த நுரைக் குமிழிகள். அக்ரிலிக் 1950-களில்தான் கடைக்கு வந்தது. பெரியப்பா 1971-இல் கொண்டுவந்தது என்பதால் அதற்குள் திபெத்திலோ லடாக்கிலோ யாரோ அதை வைத்து ஒரு தங்கா வரைந்திருப்பது நடக்கக்கூடியதாகத் தோன்றவில்லை.

புல்மேடு செம்புக் கனிமம். மாலகைட்டாக இருக்கலாம். அவர்கள் கல்லை இடித்து, தண்ணீரில் கலக்கி, அடியில் முதலில் தங்குவதைத் தனியாக எடுப்பார்கள். பெரிய மணி என்றால் கரும்பச்சை. அதையே அரைக்க அரைக்க வெளிறிக்கொண்டே போகும். நீலக் கல்லான அசுரைட்டும் அப்படித்தான். அரைக்கத் தெரியாதவர் கையில் விலையுயர்ந்த நீலம் சாம்பலாகிவிடும். அதனால்தான் நல்ல பழைய தங்காவின் வானம் மணல்தாள் மாதிரி இருக்கும், வெல்வெட் மாதிரி ஒளியை விழுங்கும்.

ஆக, ஒரே படத்தில் இரண்டு கைகள். பட்டைக் கழற்றாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது. பட்டின் படங்கள் போடுங்கள். தையல், மடிப்பு, பின்புறம்.

ஆரணிக்காரன் | ஜூன் 10, காலை 6.30

பட்டு என்றதும் வந்துவிட்டேன். மூன்று தலைமுறையாகத் தறி. ஜரிகையைச் சோதிக்க எங்கள் வழி: தேய்ந்த இடத்தில் ஓர் இழையைப் பிரித்துப் பாருங்கள். நம்ம ஊர் அசல் ஜரிகையில் நடுவில் சிவப்புச் சாயம் போட்ட பட்டு நூல், அதன்மேல் வெள்ளிக் கம்பிச் சுற்று, மேலே தங்க முலாம். சிவப்பு நூல் இருந்தால் நல்ல சரக்கு.

குடந்தை மணி | ஜூன் 10, இரவு 9.15

ஆரணி அண்ணா, பிரித்தேன். ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த இழைதான், மீனா மேடம் திட்ட வேண்டாம். உள்ளே வெள்ளியும் இல்லை, கம்பியும் இல்லை, சிவப்பு நூலும் இல்லை. மெல்லிய பழுப்புக் காகிதம்! காகிதத்தின் ஒரு பக்கம் பொன் பூசி, நூல் அகலத்துக்குக் கீறி, அதை அப்படியே தட்டையாக நெய்திருக்கிறார்கள். பொன் உதிர்ந்த இடத்தில் காகித நார் தெரிகிறது.

கீழ்ப்பட்டின் நடுவில் சதுரமாக ஒரு துண்டு வேறு நிறத்தில் தைத்திருக்கிறது. அதன் ஜரிகையோ பளபளவென்று, பிறந்தநாள் தோரணக் காகிதம் மாதிரி. இரண்டும் ஒரே பட்டில்லை.

ஆரணிக்காரன் | ஜூன் 10, இரவு 9.50

காகித ஜரிகையா! கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. சீனத்துச் சரக்கு. அப்படியானால் இருநூறு வருஷம் நிச்சயம். பெரியம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

பட்டறை மீனா | ஜூன் 11, காலை 10.20

பெரியம்மாவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். காகிதப் பொன் இழை சீனத்தில் பல நூறு வருடமாக உண்டு, 20-ஆம் நூற்றாண்டிலும் செய்தார்கள். அதை வைத்து "சீனப் பட்டு" என்று சொல்லலாம், ஆண்டு சொல்ல முடியாது.

அந்தச் சதுரத் துண்டை "தங்காவின் வாசல்" என்பார்கள். சாதாரணமாகப் பட்டிலேயே மிகச் சிறந்த துண்டை அங்கே வைப்பார்கள். உங்களுடையதில் பிளாஸ்டிக் தகடு ஜரிகை இருக்கிறது என்றால், பழைய வாசல் போய்ப் புது வாசல் வந்திருக்கிறது. பழைய வாசல் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல சீனப் பட்டுச் சதுரம் தனியாகவே விலை போகும்.

பட்டும் படமும் ஒரே வயது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. பட்டு கிழியும், மெழுகும் நெய்யும் படியும். ஐம்பது நூறு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். மாற்றும்போது புதுப் பட்டு வாங்க வசதியில்லாதவர் பழைய அங்கியை வெட்டித் தைப்பார். ஆகப் பழைய படத்துக்குப் புதுப் பட்டும், புதுப் படத்துக்குப் பழைய பட்டும் சகஜம். இரண்டாவதைப் போலிக்காரர்கள் வேண்டுமென்றே செய்வார்கள். பட்டின் வயதைவிட, பட்டும் படமும் எப்போது சேர்ந்தன என்பதுதான் கேள்வி. அதைச் சொல்வது தையல்.

குடந்தை மணி | ஜூன் 11, இரவு 10.05

அங்கியை வெட்டியது என்றதும் போய்ப் பார்த்தேன். இடப்பக்க நீலப் பட்டில் ஒரு நாகம். நாகம் என்றால் சீனத்து யாளி மாதிரி, ஐந்து நகம். உடம்பும் வாலும் இருக்கின்றன, தலை இல்லை. வெட்டில் போய்விட்டது. வலப்பக்கப் பட்டில் மேகம் மட்டும், அதுவும் தலைகீழாக. ஐம்பது வருஷமாக அந்த மேகத்தைப் பார்த்தே சாப்பிட்டிருக்கிறேன், தலைகீழ் என்று தோன்றியதே இல்லை.

பௌத்தா ரவி | ஜூன் 12, காலை 8.00

மணி அண்ணா, புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். 365 என்று போட்டிருப்பது. 395 வாங்கினால் எல்லாமே ஊதாவாகத் தெரியும், ஏமாற்றம்தான். நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். புதுக்காலத்து நூலிலும் துணியிலும் இருக்கிற வெளுப்பூட்டி அதில் ஜொலிக்கும்.

குடந்தை மணி | ஜூன் 16, இரவு 11.50

பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தையல் நூல் மொத்தமும் நீலவெள்ளையாக ஜொலிக்கிறது, நான்கு பக்கமும் ஒரே சீரான மிஷின் தையல். பின்னால் தைத்த சிவப்புத் துணியும் ஜொலிக்கிறது. முன்னால் தொங்குகிற மஞ்சள் முகத்திரை எல்லாவற்றையும்விட அதிகமாக ஜொலிக்கிறது. எல்லாமே புதுசு. முடிந்தது கதை. நாலாயிரம் வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

குடந்தை மணி | ஜூன் 17, காலை 7.20

மேலே இரவில் எழுதியதைத் திருத்துகிறேன். காலையில் பெரியம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். முகத்திரையை வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் சோப்புத்தூள் போட்டு அலசியிருக்கிறார். "அழுக்காத்தானேடா இருந்துச்சு." சோப்புத்தூளில் இருக்கிற வெளுப்பூட்டிதான் ஜொலிக்கிறது போலிருக்கிறது. ஆக முகத்திரை சாட்சி செல்லாது.

தையல் நூலை யாரும் அலசவில்லை. அது மட்டும் செல்லும்.

பெரியம்மா இன்னொன்றும் சொன்னார். 1996 மழையில் கூரை ஒழுகி, படத்தின் மேல்பகுதி நனைந்துவிட்டதாம். அண்ணன், அதாவது அவர் மகன், வடக்கே டூர் போனபோது சுருட்டி எடுத்துப்போய் ஒரு கடையில் "புதுசாக்கி" வாங்கி வந்தாராம். எந்த ஊர், எந்தக் கடை, ஒன்றும் நினைவில்லை. அண்ணனும் இப்போது இல்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே பெரியம்மா என்றேன். "நீ கேக்கலியே" என்றார்.

பட்டறை மீனா | ஜூன் 17, மதியம் 1.30

சோப்புத்தூள் விஷயத்தை நீங்களே கண்டுபிடித்தது நல்லது. பின்துணியும் அதே சந்தேகத்தில்தான்.

இப்போது ஒரு வேலை. டேபிள் விளக்கைப் படத்தின் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கை மட்டத்தில் வையுங்கள். வானத்தை மட்டும் பாருங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், மேடு பள்ளத்தைப் பாருங்கள்.

குடந்தை மணி | ஜூன் 17, இரவு 9.00

வானத்துக்கு அடியில் அலை அலையாக ஒரு வரப்பு ஓடுகிறது. காபி டம்ளர் வைத்து எடுத்த இடத்தில் கறை ஓரம் தடித்திருக்குமே, அப்படி. மேலிருந்து இறங்கி, தாராவின் தலைக்கு நான்கு விரல் மேலே நிற்கிறது. வரப்புக்குக் கீழே அக்ரிலிக் இல்லை. தூள் நிறம்தான்.

பட்டறை மீனா | ஜூன் 17, இரவு 9.40

அதுதான் கூரை ஒழுகின தண்ணீர். பசையில் குழைத்த நிறமும் அடியிலிருக்கும் சுண்ணப் பூச்சும் கரைந்து, தண்ணீர் எங்கே நின்றதோ அங்கே கரையாகக் குவிந்திருக்கிறது. அதை மறைக்க 1996-இல் யாரோ ஒருவர் நனைந்த வானம் முழுவதையும் ஒரே பூச்சாகப் பூசியிருக்கிறார். பழைய வானம் மேலே கரும் நீலத்தில் தொடங்கி அடிவானத்தில் வெளிறிப் போகும். அதைப் போட நாள்கணக்கில் ஆகும், இவர் அரை மணியில் முடித்திருப்பார்.

ஜூன் 9-இல் நான் "இரண்டு கைகள்" என்று எழுதியது சரிதான், ஆனால் ஒன்று சேர்த்திருக்க வேண்டும். உங்களிடம் வந்த வியாபாரி தொட்டது அக்ரிலிக்கைத்தான். அவர் பொய் சொல்லவில்லை, தொட்ட இடம் அப்படி.

இனி பட்டு. படத்தின் விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குப் பட்டுக்கு உள்ளே மறைந்திருக்கும். அங்கே 1996-காரர் தூரிகையும் போகவில்லை, வெளிச்சமும் புகையும் போகவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வேலையாக அடுத்த வாரம் வருகிறேன். நீங்களாக ஒரு தையலைக்கூட வெட்டாதீர்கள்.

வடிவு | ஜூன் 18, காலை 7.10

மீனா மேடம் வரும்போது எங்கள் கிருஷ்ணரையும் பார்ப்பாரா? நாங்கள் மன்னார்குடி.

குடந்தை மணி | ஜூன் 26, இரவு 10.30

மேடம் வந்து போனார். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேசையில் பழைய வேட்டியை விரித்துப் படத்தைக் குப்புறப் போட்டோம். பின்துணி கீழ்ப்பக்கம் தொளதொளவென்றுதான் தைத்திருந்தது. தூக்கிப் பார்த்தால் படத்தின் முதுகு. தாராவின் நெற்றி, தொண்டை, நெஞ்சுக்கு நேர்பின்னால் சிவப்பில் மூன்று திபெத்திய எழுத்துகள். ஓம், ஆ:, ஹூம். பிராணப் பிரதிஷ்டை மாதிரி என்றார். எனக்குக் கண் கலங்கியது. அவர் உடனே, "இதை ஒரு ரூபாய் செலவில்லாமல் எந்தப் போலியிலும் எழுதலாம்" என்று சொல்லி இறக்கிவிட்டார்.

பிறகு வலப்பக்கம் மேல்மூலையில், வானம் பட்டைத் தொடுகிற இடத்தில், நாலு செ.மீ. தையலை மட்டும் ஒவ்வொரு கண்ணாக வெட்டினார். கால் மணி நேரம் ஆனது. பட்டை மயிலிறகு மாதிரித் தூக்கினார்.

உள்ளே நீலம். ஆனால் அது வேறு நீலம். வெளியே இருப்பது பிளாஸ்டிக் வாளி நீலம். உள்ளே இருந்தது இரவு வானம். நுண்ணோக்கியில் நீல மணல், புல்மேட்டில் பார்த்தது போலவே பெரிசும் சிறிசுமாக. அக்ரிலிக் தோல் பட்டின் விளிம்பு வரை வந்து, அங்கே ஒரு மெல்லிய உதடு மாதிரி நின்றுவிட்டது. சில இடத்தில் பட்டின்மேலேயே நீலம் பட்டிருக்கிறது! அதாவது பட்டைக் கழற்றாமலே பூசியிருக்கிறார்கள். அப்போது பட்டு ஏற்கெனவே அங்கே இருந்திருக்கிறது.

இங்கே நான் கேட்டேன், மிஷின் தையல் 1996-இல் போட்டது இல்லையா? மேடமும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். நீலம் பட்ட இடத்தில் ஜொலிக்கிற நூலின் மேலேயும் நீலம் இருக்கிறது. முதலில் தைத்துவிட்டுத்தான் பூசியிருக்கிறார்கள். கிழிந்த பட்டை அதே கடையில் திரும்பத் தைத்துவிட்டு, கடைசியில் வானத்தைப் பூசியிருக்கலாம். அல்லது பெரியப்பா வாங்கும்போதே மிஷின் தையல் இருந்திருக்கலாம். எனக்கு முதலாவது. மேடம் தலையை ஆட்டவில்லை.

அடுத்தது துளைகள். பட்டுக்கு உள்ளே இருந்த விளிம்பில் ஊசித் துளை மூன்று வரிசை. ஒன்றில் இப்போதைய மிஷின் நூல். இன்னொன்று காலி, அடுத்தடுத்து ஒழுங்கில்லாத கைத்தையல். மூன்றாவது இன்னும் வெளியே, ஒரு விரற்கடைக்கு ஒன்றாகப் பெரிய துளைகள். அது வரையும்போது துணியைக் குச்சிகளோடு சேர்த்து இழுத்துக் கட்டிய துளை. ஆக இந்தப் படம் குறைந்தது இரண்டு தடவை பட்டு கட்டியிருக்கிறது.

கடைசியாக அவர் காட்டியது எனக்கு ரொம்பப் பிடித்தது. படத்தின் நடுவில் துணி தேன் நிறம். பட்டுக்கு உள்ளே மூடியிருந்த விளிம்பு கிட்டத்தட்ட வெள்ளை. எல்லையில் பென்சில் போட்டது மாதிரிக் கோடு. ரவி சொன்ன புகை வித்தையில் படத்தை முதலில் புகை காட்டி, பிறகு பட்டு கட்டுவார்களாம். அப்போது விளிம்பும் நடுவும் ஒரே பழுப்பாக இருக்கும். இங்கே பட்டு கட்டிய பிறகுதான் புகை படிந்திருக்கிறது.

பௌத்தா ரவி | ஜூன் 27, காலை 9.00

ஒரு நிமிஷம். கட்டி முடித்துப் புகை காட்டினாலும் அதே கோடு வருமே? எங்கள் சந்தில் அப்படியும் செய்வார்கள்.

பட்டறை மீனா | ஜூன் 27, காலை 11.15

வரும். ஆனால் அப்போது பட்டின் முன்பக்கமும் படமும் ஒரே அளவு பழுத்திருக்க வேண்டும். மணியின் படத்தில் நீலப் பட்டைவிடப் படத்தின் துணி அதிகம் பழுத்திருக்கிறது. முந்தைய பட்டில் இருந்தபோது படிந்த புகை. இதுவும் நீதிமன்றச் சாட்சி இல்லை, ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க வேண்டியது.

படத்துக்கும் நீலப் பட்டுக்கும் நடுவே ஒடுங்கிய சிவப்பும் மஞ்சளுமான பட்டைகள் இருக்கின்றன, வானவில் என்பார்கள். அந்தச் சிவப்பு வெளியே மங்கிய வெங்காயத் தோல் நிறம், தையல் மடிப்புக்குள் கத்தரிப்பூ ரோஜா. செயற்கைச் சாயம் என்று மணியிடம் சொன்னேன், 1856-க்குப் பிறகுதான் இருக்க முடியும் என்றும் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன், அவசரப்பட்டுவிட்டேன். குசும்பப்பூ ரோஜாவும் வெளிச்சத்தில் இப்படித்தான் ஓடிப்போகும், சீனத்தில் அது பழைய சாயம். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

குடந்தை மணி | ஜூலை 14, மாலை 4.40

தெரிந்த பேராசிரியர் ஒருவரின் ஆய்வகத்தில் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி இருந்தது. தனிமங்களைக் காட்டும், படத்தைத் தொடாது. உதட்டுச் சிவப்பு: பாதரசம். வானம்: டைட்டானியம், செம்பு. பட்டுக்குள் இருந்த விளிம்பு நீலம்: செம்பு, மிக அதிகம். புல்மேடு: செம்பு, கூடவே ஆர்சனிக்.

லென்ஸ் துரை | ஜூலை 14, மாலை 5.00

வானத்திலும் செம்பு! அப்படியானால் வானமும் அசுரைட்தான். மேடம் சொன்னது தப்பு.

பட்டறை மீனா | ஜூலை 14, இரவு 8.10

துரை, அக்ரிலிக் டியூபில் வருகிற தாலோ நீலத்திலும் செம்பு உண்டு. எடையில் 11 சதவீதம், அசுரைட்டில் 55. அதோடு இந்தக் கருவியின் கதிர் மேல்தோலைத் தாண்டி அடியிலிருக்கும் பழைய வானத்துக்கும் போகும். ஆக அந்த இடத்தில் செம்பை வைத்து ஒன்றும் பேச முடியாது. டைட்டானியம்தான் பேசும். அந்த வெள்ளை 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. களிமண்ணிலும் கொஞ்சம் வரும் என்பதால் விளிம்பு அளவோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டோம், வானத்தில் பல மடங்கு.

பாதரசம் என்றால் சாதிலிங்கம். நம்ம சித்த வைத்தியர்கள் வைத்திருக்கும் அதே சரக்கு.

புல்மேடுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தால் இரண்டு வழி. மாலகைட்டோடு அரிதாரம், கூத்தில் முகத்துக்குப் பூசுவார்களே அந்த மஞ்சள் கல், அதைக் கலந்து இளம்பச்சை ஆக்கியிருக்கலாம். அல்லது 1814-இல் ஐரோப்பாவில் செய்யத் தொடங்கிய மரகதப் பச்சையாக இருக்கலாம். அது திபெத்துக்கு வந்து சேர்ந்தது. அதுதான் என்றால் படம் 19-ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிறகு. நுண்ணோக்கிப் படத்தில் சில்லு மாதிரி உடைந்த மணிகள் இருக்கின்றன, அது மாலகைட் பக்கம் சாய்கிறது. ஆனால் உருண்டை உருண்டையாக ஒன்றிரண்டும் கண்ணில் பட்டன. மரகதப் பச்சை அப்படித்தான் இருக்கும். ராமன் கருவியில் வைத்தால்தான் தெரியும்.

பௌத்தா ரவி | ஜூலை 15, காலை 8.30

நூறு வருடம் தாண்டியது என்றால் 1972 சட்டப்படி அது தொல்பொருள். தங்காவைத் தொல்லியல் துறையில் பதிய வேண்டும், நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அமெரிக்காவில் இருக்கிற பேரனுக்குக் கொடுப்பதாக இருந்தால் இப்போதே மனசை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆரணிக்காரன் | ஜூலை 15, இரவு 9.20

அக்ரிலிக்கைக் கரைத்து எடுத்துவிட்டுப் பழைய வானத்தைப் பார்க்க முடியாதா? அசிட்டோன்?

பட்டறை மீனா | ஜூலை 15, இரவு 10.00

அசிட்டோன் அக்ரிலிக்கை இளக்கும், வச்சிரப் பசையை ஒன்றும் செய்யாது. காகிதத்தில் எழுதினால் அழகான யோசனை. ஆனால் அடியிலிருக்கும் வானம் ஒருமுறை தண்ணீரில் கரைந்து பசை போனது. வெறும் மணலாக நிற்கிறது. இப்போது அதைப் பிடித்துவைத்திருப்பதே அந்தப் பிளாஸ்டிக் தோல்தான். தோலை எடுத்தால் வானமும் பஞ்சோடு வந்துவிடும். நான் தொட மாட்டேன்.

குடந்தை மணி | ஆகஸ்ட் 3, இரவு 9.30

படம் இப்போது சுருட்டாமல், பீரோவின் மேல் அட்டைப் பெட்டியில் படுத்திருக்கிறது. சுருட்டும்போதெல்லாம் மணல் உதிரும் என்று மேடம் சொன்னார். பெரியம்மா தினமும் எட்டிப் பார்த்து, எப்போது சுவரில் மாட்டுவாய் என்கிறார். தாமரை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "என் கண்ணுக்குத் தெரியல, விடு" என்றார்.

ஆரணி அண்ணா, உங்களுக்கு ஒன்று. திறந்த மடிப்பில் நீலப் பட்டின் நெசவு ஓரம் கொஞ்சம் தெரிகிறது. அங்கே வேறு நிற நூலில் ஏதோ நெய்திருக்கிறது, சீன எழுத்து மாதிரி. ஒன்று முழுசாக, அடுத்தது பாதி. மீதி தையலுக்குள் போகிறது.

ஆரணிக்காரன் | ஆகஸ்ட் 3, இரவு 9.45

படம் எடுத்துப் போடுங்கள்! நம்ம ஊரில் கோம்பையில் கடைப் பெயர் நெய்வோமே, அதுதான். சீனத்தில் அரசுத் தறிகளில் துணி முடிவில் பொறுப்பாளர் பெயரையே நெய்வார்கள் என்று கேட்டிருக்கிறேன்.

பட்டறை மீனா | ஆகஸ்ட் 4, காலை 6.50

ஆமாம், நெய்வார்கள். சூச்சோ, ஹாங்சோ, நான்ஜிங் என்று மூன்று ஊர்களில். பெயர் முழுசாகக் கிடைத்தால் அவர் எந்த ஆண்டில் பதவியில் இருந்தார் என்று தேடலாம். பட்டுக்காவது ஒரு தேதி கிடைக்கும். ஆனால் மீதியைப் பார்க்க இன்னும் ஆறு செ.மீ. தையலை வெட்ட வேண்டும். மணி, பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வடிவு | ஆகஸ்ட் 4, காலை 7.15

எங்கள் கிருஷ்ணரைப் பார்த்துவிட்டார்கள். 1983 என்று பின்பலகையில் பென்சிலில் எழுதியிருந்ததாம். நாங்கள் திருப்பிப் பார்த்ததே இல்லை.

குடந்தை மணி | ஆகஸ்ட் 4, இரவு 8.20

கேட்டேன். தீபாவளி முடியட்டும் என்கிறார்.